கிழமைக் கிளினிக் உள்ளவரை வைத்து றோஸ்டர் போடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்னியில் பெற்றோல் செட், கடை, களஞ்சியம் நடத்துபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். எல்லாவற்றையும் ஒரே எடுத்துக்காட்டில் விளக்குகிறோம். மாங்குளப் பக்கம் ஒரு செட். காலை 6 முதல் 2 வரை ஒரு சிப்ட், 2 முதல் இரவு 10 வரை இன்னொன்று. ஒவ்வொரு சிப்டிலும் ஒரு காசாளர், பம்பில் இரண்டு பேர். மொத்தம் ஒன்பது ஊழியர்: காசாளர் மூன்று பேர், பம்பில் நிற்பவர் ஆறு பேர். இது விளக்கத்துக்காக அமைத்த செட். கணக்கை உங்கள் ஆட்கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

எங்கட காசாளர் ஒராளுக்கு கிழமைக்கு ரெண்டு நாள் ரத்தம் சுத்திகரிக்கப் போகவேணும். அந்த நாளுக்கெல்லாம் லீவு குடுத்துக்கொண்டிருந்தா காணுமா?

காணாது. கிழமைக்கு இரண்டு நாள் என்றால் வருடத்துக்கு 104 நாள். கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின் கீழ் வரும் இடங்களில் வருடாந்த லீவு 14 நாள், சாதாரண லீவு 7 நாள். 21 நாள் மூன்று மாதத்துக்குள் கரைந்துவிடும். அதற்குப் பிறகு அவர் சம்பளம் இல்லாத லீவில் போவார், இல்லாவிட்டால் சிகிச்சையைத் தவறவிடுவார்.

முன்கூட்டியே தெரிந்த நாளை லீவு என்று பார்ப்பதுதான் பிழை. லீவு எப்போதாவது வரும் நாளுக்கு உரியது. ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் ஆள் வரமாட்டார் என்பது தெரிந்த விஷயம். ஆகவே அந்த இரண்டு நாளையும் அவருடைய கிழமை ஓய்வு நாளாக றோஸ்டரிலேயே எழுதிவிடுங்கள். மற்ற ஐந்து நாளும் அவர் ஐந்து சிப்ட் செய்வார், சம்பளத்திலும் குறையாது.

ஒன்றை மட்டும் மறைக்காமல் அவரோடு கதையுங்கள். அவருடைய ஓய்வு நாள் இரண்டும் ஆசுப்பத்திரிக் கட்டிலில் போகின்றன. நான்கு சிப்ட்தான் தன்னால் முடியும் என்று அவர் சொன்னால் அதற்கும் கணக்கு உண்டு. கீழே மூன்று நாள் சிகிச்சை பற்றிய கேள்வியில் அது வருகிறது.

சிகிச்சை நாலு மணித்தியாலம்தானே? காலமை போட்டு பின்னேரம் வேலைக்கு வரலாம்தானே?

நான்கு மணித்தியாலம் என்பது இயந்திரத்தில் இருக்கும் நேரம் மட்டும். ஊசி ஏற்றுமுன் நிறை பார்ப்பது, முன்னுக்கு இருப்பவர் இறங்கும்வரை காத்திருப்பது, முடிந்தபின் ஊசி குத்திய இடத்தில் இரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடித்திருப்பது எல்லாம் அதற்கு மேலே. மாங்குளத்திலிருந்து வவுனியாவுக்கு ஏ9 வீதியில் ஏறத்தாழ 50 கிலோமீற்றர். காலை 7 மணி முறைக்குப் போகிறவர் விடிய முன் வெளிக்கிடுவார், வீடு திரும்பப் பின்னேரம் ஆகிவிடும். றோஸ்டரில் அடைக்கவேண்டியது சந்திப்பு நேரத்தை அல்ல, வீட்டுப் படலையில் இருந்து வீட்டுப் படலை வரைக்குமான நேரத்தை.

அன்றைக்கு உடம்பும் வராது. திரவத்தை எடுத்தபின் அழுத்தம் விழும், தசை பிடிக்கும், தலை சுத்தும். சிலருக்கு இரவு நித்திரைக்குப் பிறகுதான் தெளியும். அன்று பின்னேரம் காசு எண்ண விட்டால் சில்லறைக் கணக்கு பிழைக்கும், பிறகு அதற்கும் அவர்தான் பதில் சொல்லவேண்டி வரும்.

முதல் எதை எழுதிறது? எங்க தொடங்கினாலும் கடைசியில ஒரு ஓட்டை வருது.

பெயர்களில் தொடங்குவதால்தான் ஓட்டை வருகிறது. முதலில் அசைக்கமுடியாததை எழுதுங்கள். டயலிசிஸ் என்னும் இரத்தச் சுத்திகரிப்பின் முறையை ஆசுப்பத்திரிதான் தீர்மானிக்கிறது, இயந்திரம் எத்தனை என்பதைப் பொறுத்து. அதற்குரிய கட்டத்தை முதலில் அடைத்துவிடுங்கள். அடுத்தது கிளினிக், பிசியோதெரபி. இவற்றின் நாள் நிலையாக இருந்தாலும் நேரத்தைக் கேட்டு மாற்ற இடமிருக்கும். பள்ளிக்கூடம், கோயில், சொந்த விருப்பங்கள் அதற்குப் பிறகு.

இரண்டாவது படி, ஒவ்வொரு திறமையையும் தனியாக எண்ணுவது. செட்டில் கிழமைக்கு 42 சிப்ட். ஒன்பது பேர் ஐந்து சிப்ட் வீதம் செய்தால் 45, மூன்று மிச்சம் என்று ஆறுதலாக இருக்கும். பிரித்து எண்ணுங்கள். காசாளர் இருக்கை 14, மூன்று காசாளர் 15 செய்வார்கள், மிச்சம் ஒன்று. பம்பில் 28, ஆறு பேர் 30 செய்வார்கள், மிச்சம் இரண்டு. பம்பில் மிஞ்சிய ஆள் காசாளர் இருக்கையில் இருக்கப் பழகாதவரைக்கும் அந்த இரண்டும் காசாளர் பக்கத்துக்கு உதவாது. ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

சரி, காசாளர் மூண்டு பேரையும் அந்தக் கிழமைக்கு ஒருக்காப் போட்டுக் காட்டுங்கோ.

சிகிச்சைக்குப் போகிறவர் அ. மற்ற இருவர் ஆ, இ.

| நாள் | காலை 6–2 | மாலை 2–10 |
|---|---|---|
| திங்கள் | அ | இ |
| செவ்வாய் | ஆ | இ |
| புதன் | அ | ஆ |
| வியாழன் | அ | ஆ |
| வெள்ளி | இ | ஆ |
| சனி | அ | இ |
| ஞாயிறு | அ | ஆ |

அ ஐந்து, ஆ ஐந்து, இ நான்கு. இ-யின் ஐந்தாவது சிப்டை வேண்டுமென்றே எழுதாமல் கையில் வைத்திருக்கிறோம். அது ஏன் என்பது சிகிச்சை நாள் மாறும் கேள்வியில் விளங்கும்.

இதில் கவனிக்கவேண்டியது செவ்வாய்க் காலையும் வெள்ளிக் காலையும். திங்கள் மாலை இரவு 10 மணிக்கு மூடியவரைச் செவ்வாய் காலை 6 மணிக்குத் திறக்கச் சொன்னால் நடுவில் எட்டு மணித்தியாலம்தான். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, படுத்து, எழும்பி வரவேண்டும். பெரும்பாலான பிழையான றோஸ்டர்கள் இந்த இடத்தில்தான் உடைகின்றன: சிகிச்சைக்குப் போனவரின் காலையை முதல் நாள் மாலை மூடியவரின் தலையில் போட்டுவிடுவார்கள். மேலே திங்கள் மாலை இ, செவ்வாய்க் காலை ஆ. வியாழன் மாலை ஆ, வெள்ளிக் காலை இ. எழுதி முடித்தபின் ஒவ்வொரு மாலைப் பெயரிலிருந்தும் அடுத்த நாள் காலைப் பெயருக்குச் சரிவாக ஒரு கோடு போட்டுப் பாருங்கள். கோட்டின் இரண்டு நுனியிலும் ஒரே பெயர் வந்தால் பிழை.

அவருக்கு எல்லாம் காலமைதான். மற்ற ரெண்டு பேரும் பின்னேரம் மூடி மூடியே சாகினம். இது நியாயமோ?

முறைப்பாடு நியாயமானதுதான். ஏழு மாலையும் ஆ, இ தலையில்தான். காரணத்தைச் சொல்லிவிட்டு, சுமையை அவர்கள் இருவருக்குள்ளும் சமமாக்குங்கள்.

அ-வுக்குத் திங்களும் வியாழனும் காலையாகத்தான் இருக்கவேண்டும், அடுத்த நாள் விடிய முன் பயணம் இருப்பதால். புதனும் சனியும் சிகிச்சைக்கு அடுத்த நாள். அன்றைக்கு மாலை கொடுக்கலாமே என்று தோன்றும், ஆனால் புதன் மாலை கொடுத்தால் வியாழன் காலையோடு அந்த எட்டு மணித்தியாலச் சிக்கல் வரும். ஞாயிறு மாலைக்குத் திங்கள் காலை தடை. ஆக, சனி மாலை ஒன்றைத்தான் கொடுக்கப் பார்க்கலாம், அதற்கும் ஞாயிறு காலையை வேறு ஆளுக்கு மாற்றவேண்டும்.

ஆ-வும் இ-யும் கிழமைக்குக் கிழமை இடம் மாறட்டும். இந்தக் கிழமை ஆ-வின் நிரையை அடுத்த கிழமை இ செய்வார். மேலே உள்ள அட்டவணை அப்படி மாறினாலும் உடையாது: ஞாயிறு மாலை மூடியவருக்குத் திங்களும் மாலைதான், சனி மாலை மூடியவருக்கு ஞாயிறும் திங்களும் ஓய்வு. நான்கு சிப்ட் கிழமை இருவருக்கும் மாறி மாறிக் கிடைக்கும். கையில் தருகிற ஈடு இதுதான், வாய்ப்பேச்சு அல்ல.

செவ்வாய்க்கிழமை காலமை ஆ-வும் காய்ச்சல் எண்டு சொல்லிப்போட்டா?

அந்தக் காலைதான் கிழமையிலேயே மெலிந்த இடம். அ வவுனியாவில், இ முதல் நாள் இரவு 10 மணிக்கு மூடியவர். இ-யைக் கூப்பிட்டால் காலையும் மாலையுமாகப் பதினாறு மணித்தியாலம் ஆகும், அதைச் செய்யவேண்டாம்.

வழி பம்ப் பக்கத்தில் இருக்கிறது. பம்பில் மிஞ்சிய இரண்டு சிப்டையும் வசதிக்கு ஏற்றபடி கிழமைக்குள் தூவிவிடாமல், ஒன்றைச் செவ்வாய்க் காலையிலும் மற்றதை வெள்ளிக் காலையிலும் வையுங்கள். அந்த இரண்டு காலையும் பம்பில் மூன்று பேர் நிற்பார்கள். அவர்களில் ஒருவர் காசாளர் வேலை பழகியவராக இருக்கவேண்டும், அவர் இந்த இரண்டு காலையும் மாறாமல் நிற்கவேண்டும். ஆ வராவிட்டால் அவர் உள்ளே இருப்பார், வெளியே இன்னும் இரண்டு பேர் இருப்பார்கள். மிச்ச ஆள் ஆபத்தான நாளில் நின்றால்தான் மிச்சம்.

அந்தப் பம்ப்காரரை எவ்வளவு பழக்கவேணும்?

ஒரு சிப்டைத் தனியாகத் திறந்து ஒப்படைக்கும் அளவுக்கு. கைக்காசை எண்ணிப் பாரமெடுப்பது, ஒவ்வொரு பம்பின் ஆரம்ப மீற்றரையும் எழுதுவது, தாங்கியைக் கோல் விட்டு அளப்பது, அட்டைக் கொடுப்பனவு, கடன் பற்றுச்சீட்டு, பெட்டகத்தில் காசு போடுவது, முடிவு மீற்றரோடு காசைப் பொருத்துவது. காசாளரின் பக்கத்தில் இருந்து சில சிப்ட், பிறகு காசாளர் பக்கத்தில் இருக்க அவர் தனியாகச் சில சிப்ட். முடிவு மீற்றருக்கும் காசுக்கும் இடையிலான வித்தியாசத்தை அவராகவே கண்டுபிடித்தால் பழகிவிட்டார்.

பழகியபின் மாதம் ஒருமுறையாவது அந்த இருக்கையில் இருத்துங்கள். ஆறு மாதம் தொடாதவரைக் காய்ச்சல் நாளில் இருத்தினால் அவர் பழகாதவர்தான். காசுப் பொறுப்பு எடுக்கும் சிப்டுக்குக் காசாளர் படியையும் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் இரண்டாம் முறை வரமாட்டார்.

ஆசுப்பத்திரியில இயந்திரம் பழுது, நாளைக்கு வாங்கோ எண்டு அனுப்பினா?

இயந்திரம், தண்ணீர், மின்சாரம் எதில் தடங்கல் வந்தாலும் இது நடக்கும். மாரியில் வீதியை வெள்ளம் மறித்தாலும் இதே கதைதான். சிகிச்சையைத் தள்ளிப்போட வற்புறுத்தக் கூடாது. ஆகவே மாற்றை முன்கூட்டியே எழுதி அட்டவணைக்குக் கீழே ஒட்டிவைப்பதுதான் வழி.

செவ்வாய்ச் சிகிச்சை புதனுக்குப் போனால் புதன் காலை காலியாகும். உடனே கை போவது இ-யிடம், ஏனென்றால் புதன் அவருக்கு ஓய்வு. ஆனால் அவர் செவ்வாய் இரவு 10 மணிக்கு மூடியவர். ஆகவே ஒருவரை அல்ல, இருவரை நகர்த்துங்கள்: ஆ புதன் மாலையிலிருந்து புதன் காலைக்கு, இ புதன் மாலைக்கு. ஆ செவ்வாய் காலையில் நின்றவர், இ செவ்வாய் மாலையில் நின்றவர், இருவருக்கும் முழு இரவு நித்திரை கிடைக்கிறது. இ கையில் வைத்திருந்த ஐந்தாவது சிப்ட் இங்கே செலவாகிறது.

வெள்ளிச் சிகிச்சை சனிக்குப் போனாலும் இதே நகர்த்தல்தான். இ சனி மாலையிலிருந்து சனி காலைக்கு, ஆ தன் ஓய்வை விட்டுச் சனி மாலைக்கு. ஆனால் இங்கே ஆ-வுக்கு ஆறாவது சிப்ட் ஆகிவிடும். எட்டு மணித்தியாலமும் வேலை நேரம் என்று எண்ணினால் 48, சட்டம் கிழமைக்கு வைத்திருக்கும் 45 மணித்தியாலத்தை மூன்று மணித்தியாலம் தாண்டுகிறது. அந்த நேரத்துக்கு ஒன்றரை மடங்கு சம்பளம். கிழமை ஓய்வு ஒன்றரை நாள் என்பதால் அரை நாள் கடனும் நிற்கிறது, அதை அடுத்த கிழமை இ-யின் நான்கு சிப்ட் நிரைக்கு அவர் மாறும்போது தீர்த்துவிடலாம்.

பம்பில நிக்கிற எங்கட அண்ணைக்கு செயற்கைக்கால். புதன்கிழமை 9 மணிக்கு கிளிநொச்சியில பிசியோ. இடையில விட்டிட்டு வந்தா காணாதோ?

நடுவில் விடவேண்டாம். பம்பில் நிற்பவர் ஆரம்ப மீற்றரோடு பொறுப்பெடுக்கிறார், முடிவு மீற்றரோடு ஒப்படைக்கிறார். எட்டரைக்குப் போய்ப் பன்னிரண்டுக்கு வந்தால் நடுவில் இன்னொருவர் அதே பம்பில் அடித்திருப்பார். பின்னேரம் காசு குறைந்தால் யாருடைய குறை என்று ஒருவராலும் சொல்லமுடியாது. போகும்போதும் வரும்போதும் மீற்றர் எடுத்து எழுதினால் தீரும் என்பார்கள், ஆனால் வாகன வரிசை நிற்கும்போது யாரும் எடுப்பதில்லை.

அவரைப் புதன் மாலைக்குப் போடுங்கள், அவ்வளவுதான். ஒரு சிப்டும் குறையாது. வியாழன் காலை மட்டும் போடவேண்டாம், காரணம் மேலே சொன்னதுதான். பயிற்சிக்குப் பிறகு செயற்கைக்கால் பொருந்தும் இடத்தில் நோவோ உராய்வோ இருந்தால் அன்று எட்டு மணித்தியாலம் நிற்கமுடியாது, பம்படியில் ஒரு கதிரை வையுங்கள். கதிரை எப்படியும் இருக்கவேண்டியதுதான்.

ரெண்டு பேருக்கும் ஒரே நாள் வந்தா ஆரை மாத்தச் சொல்றது?

பிசியோவை. நேரம் மாற்றிக் கேட்கக்கூடியது அதுதான். அந்த ஊழியரே கிளினிக் கொப்பியோடு போய் வேறு நாள் கேட்கட்டும், தேவை என்றால் வேலை நேரம் குறித்து நீங்கள் ஒரு கடிதம் கொடுங்கள். வெவ்வேறு திறமைக்காரர் என்றால் மாற்றவேண்டிய தேவையே இல்லாமலும் போகலாம்: காசாளர் ஒருவர், பம்ப்காரர் ஒருவர் ஒரே செவ்வாய் இல்லாவிட்டாலும் மூன்றாவது பம்ப்காரர் அங்கே நிற்கிறார். இரண்டு காசாளருக்கு ஒரே நாள் என்றால்தான் கஷ்டம்.

அவருக்கு எந்த நாள் பாரம் கூட? திங்கக்கிழமை ஒரு மாதிரி இருக்கிறார்.

சரியாகத்தான் கவனித்திருக்கிறீர்கள். செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் இடையில் மூன்று நாள், வெள்ளிக்கும் அடுத்த செவ்வாய்க்கும் இடையில் நான்கு நாள். அந்த நீண்ட இடைவெளியின் கடைசி நாள் திங்கள். உடம்பில் திரவம் கூடியிருக்கும், கால் வீங்கும், மேலே ஏறினால் மூச்சு வாங்கும். பவுசர் இறக்கும் நாளைத் திங்கள் காலையில் வைக்காதீர்கள், தாங்கியை அளக்க அவரை அனுப்பாதீர்கள். மூச்சுவிடக் கஷ்டம் என்று அவர் சொன்னால் அது றோஸ்டர் விஷயம் அல்ல, உடனே ஆசுப்பத்திரி.

டயலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் இரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்ரியூலா வைத்திருப்பவர் அந்தக் கையால் ஒயில் பெட்டியோ சில்லறைப் பையோ தூக்கக் கூடாது, அந்தக் கையில் மணிக்கூடும் இறுக்கிக் கட்டக் கூடாது.

மூண்டு நாளாக்கச் சொல்லிப் போட்டினம். இனி என்ன செய்யிறது?

செவ்வாய், வியாழன், சனி என்று எடுத்துக்கொள்வோம். அ திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு காலை நான்கு செய்வார். மீதி பத்து இருக்கையை ஆ-வும் இ-யும் ஐந்து ஐந்தாகச் செய்யலாம்: இ திங்கள் மாலை, செவ்வாய் மாலை, வியாழன் காலை, வெள்ளி மாலை, சனி மாலை. ஆ செவ்வாய் காலை, புதன் மாலை, வியாழன் மாலை, சனி காலை, ஞாயிறு மாலை. சரிவுக் கோடு போட்டுப் பாருங்கள், எங்கும் உடையாது.

தாளில் சரி, ஆனால் கையில் ஒரு சிப்டும் மிச்சமில்லை. சிகிச்சை நாள் ஒன்று மாறினாலே மேலதிக நேரம்தான். இந்த நிலையில் காசாளர் வேலை பழகிய பம்ப்காரருக்குக் கிழமைக்கு ஒரு காசாளர் சிப்டாவது நிரந்தரமாகக் கொடுத்து, பம்பில் அவருடைய இடத்துக்குப் பகுதிநேர ஆள் ஒருவரைப் பிடியுங்கள்.

அவர் வரமுதல் எல்லாம் ஒழுங்காத்தானே ஓடினது? அவரால்தானே ஆள் காணாமல் போகுது?

அவருக்கு முன்பும் காணவில்லை. ஒன்பது பேருக்கு 21 நாள் வீதம் லீவு 189 நாள். 52 கிழமைக்குப் பிரித்தால் கிழமைக்கு மூன்றரைக்கு மேலே. உங்களிடம் இருந்த மிச்சம் மூன்று. எல்லாரும் உரிய லீவை எடுத்திருந்தால் அப்போதே ஓட்டை விழுந்திருக்கும். லீவு எடுக்காமல் நின்றவர்களின் தயவில் ஓடியது. சிகிச்சைக்காரர் ஐந்து சிப்ட் செய்கிறார், கணக்கில் அவர் ஒன்றும் குறைக்கவில்லை.

ஆகவே லீவையும் றோஸ்டரில் எழுதுங்கள். காசாளரில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நீண்ட லீவு. ஆ ஒரு கிழமை போனால் 14 இருக்கையில் அ ஐந்து, இ ஐந்து, மீதி நான்கு பழகிய பம்ப்காரருக்கு. பம்பில் அந்த நான்கு சிப்டுக்கும் பகுதிநேர ஆள் வேண்டும். மேலதிக நேரத்தால் மட்டும் நிரப்பப் பார்க்காதீர்கள், சட்டப்படி ஒருவருக்குக் கிழமைக்கு 12 மணித்தியாலம்தான் எல்லை, அதாவது ஒரு முழுச் சிப்டும் இன்னொன்றில் பாதியும்.

பலகையில 'டயலிசிஸ்' எண்டு எழுதலாமோ?

வேண்டாம். 'நிலையான ஓய்வு' என்று எழுதினால் போதும். வட்ஸ்அப் குழுவிலும் அப்படித்தான். உங்களுக்குத் தேவை நாளும் நேரமும், நோயின் பெயர் அல்ல. கிளினிக் கொப்பியில் திகதி உள்ள பக்கத்தைப் பார்த்தால் ஆதாரம் கிடைத்துவிடும். கொப்பியைப் படமெடுத்து வைக்கவேண்டாம்.

போயா நாளில கிளினிக் இல்லைத்தானே, அப்ப ஆளைக் கூப்பிடலாமோ?

கேட்காமல் கூப்பிடவேண்டாம். சாதாரண கிளினிக் அரச விடுமுறையில் நடக்காது, ஆனால் தவறிய கிளினிக் வேறு நாளுக்குப் போகும், அந்த நாள்தான் உங்களுக்கு ஓட்டை. டயலிசிஸ் பிரிவு விடுமுறைக்குத் தனி ஒழுங்கு வைத்திருக்கும். மாதத் தொடக்கத்தில் நாட்காட்டியைப் பார்த்து, சிகிச்சை நாளில் விழும் போயாவை வட்டம் போட்டு, ஒரு கிழமைக்கு முன்பே ஊழியரைக் கேட்டுவரச் சொல்லுங்கள்.

றோஸ்டர் சரியா ஓடுதா எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

மாற்றங்களைப் பேனையால் அதே தாளில் எழுதுங்கள், புதுத் தாள் அடிக்காதீர்கள். மாத முடிவில் வெட்டுகளைப் பாருங்கள். வெட்டு செவ்வாய், வெள்ளிக் காலைகளில் குவிந்தால் அங்கே வைத்த மூன்றாவது ஆள் உண்மையில் நிற்கவில்லை, யாரோ அவரை வேறு வேலைக்கு எடுத்துவிடுகிறார்கள். வெட்டுக்கு மேலே எழுதிய பெயர் எப்போதும் ஒரே பெயர் என்றால் அந்த ஆள் களைத்துக்கொண்டிருக்கிறார், அடுத்த காய்ச்சல் அவருடையது. காசுக் குறை ஒரே சிப்டில் திரும்பத் திரும்ப வந்தால், கணக்கைத் திட்டும் முன் அந்த ஆள் முதல் நாள் எத்தனை மணிக்கு மூடினார் என்று மேல் வரியைப் பாருங்கள்.